புதிதாகச் சேர்பவரை அறிமுகப்படுத்தும் மெயில்: ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்கான மாதிரி

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கிறேன். சீசனுக்கு முன்னால் தரக்கட்டுப்பாட்டுக்குப் புதிதாக ஒரு மேடம் சேர்கிறார். எல்லா ஸ்டாஃபுக்கும் அறிமுக மெயில் போடச் சொல்கிறார் எம்.டி. அவங்க பின்னணி எவ்வளவு சொல்லணும்? "ஒத்துழைப்பு கொடுங்கள்" என்பதைத் தவிர வேறு என்ன எழுத முடியும்? இத்தனை வருஷம் லேப்பைச் சேர்த்துப் பார்த்தவர் எங்க சீனியர் சூப்பர்வைசர். அவர் மனசும் நோகக்கூடாது.

பதில்:

மெயிலுக்கு முன்னால் அந்த சூப்பர்வைசரிடம் பேசியாகிவிட்டதா என்று பாருங்கள். பேசவில்லை என்றால் மெயிலை எடுத்து வைத்துவிட்டு எம்.டி.யை அவரிடம் அனுப்புங்கள். நீங்கள் போய்ச் சொல்வதும் போதாது, எம்.டி.யே சொல்ல வேண்டும். தன் வேலையில் ஒரு பங்கு வேறொருவருக்குப் போகிறது என்ற சேதியை எல்லோரோடும் சேர்ந்து மெயிலில் படிக்கிற மனிதர், அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் அதைப் பணிவாகப் படிக்க மாட்டார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த முடிவு உங்களிடமே இருக்கும், எந்த முடிவு அவரிடம் போகும், எந்தத் தேதியிலிருந்து? இதற்கு மூன்று பேரும் ஒத்துக்கொண்ட பதில் கிடைத்துவிட்டால் மெயில் பாதி எழுதி முடித்த மாதிரி. பதில் கிடைக்காமல் எழுதுகிற மெயில்தான் "அனைவரும் முழு ஒத்துழைப்பு நல்கும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிகிறது.

உங்கள் ஆலையையே எடுத்துக்கொள்வோம். வருகிறவர் பெயர் கவிதா என்றும், சூப்பர்வைசர் முருகேசன் என்றும் வைத்துக்கொள்கிறேன். பெங்களூரா மாம்பழ லோடு நெருக்கும்போது வாசலில் வண்டி வரிசை கட்டி நிற்கும். ஒரு லோடு பாதிக்குமேல் காயாக வந்திருக்கிறது என்றால் எடைமேடைக்காரர் யாரைக் கூப்பிடுவார்? இறக்கச் சொல்வது யார், திருப்பி அனுப்பச் சொல்வது யார்? கூழ் டிரம்மில் அடைத்து முடிந்ததும், லேப் அறிக்கை பார்த்து "இது போகலாம்" என்று கையெழுத்துப் போடுவது யார்? இதுவரை எல்லாவற்றுக்கும் முருகேசன் அண்ணன்தான். அறிமுக மெயிலைப் படிப்பவர்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது கவிதா எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதல்ல. நாளையிலிருந்து தாங்கள் சீட்டை யாரிடம் நீட்ட வேண்டும் என்பது.

என் யோசனை, வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பழத்தைக் கண்ணால் பார்த்து, அழுத்திப் பார்த்து லோடை ஏற்பதும் திருப்புவதும் முருகேசனிடமே இருக்கட்டும். விவசாயியையும் மண்டிக்காரரையும் தெரிந்தவர் அவர். "இந்தத் தடவை எடுத்துக்கிறோம், அடுத்த லோடு இப்படி வந்தா முடியாது" என்று சொல்லி அனுப்பும் பேச்சு அவருக்குத்தான் வரும். பிரிக்ஸ் என்கிற இனிப்பளவு, புளிப்பு, கிருமிச் சோதனை, டிரம் விடுவிப்பு இவை கவிதாவிடம் போகட்டும். அதுவும் சேர்ந்த அன்றே வேண்டாம். இரண்டு வாரம் பார்த்துப் பழகி, அதற்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து. அந்தத் தேதி மெயிலில் இருக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள், அல்லது இரண்டு பேரும் போடாமல் டிரம் கிடங்கில் நிற்கும்.

இன்னொன்று, கவிதா யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தரக்கட்டுப்பாடு உற்பத்தி மேலாளருக்குக் கீழே இல்லாமல் ஆலை மேலாளருக்கோ எம்.டி.க்கோ நேரடியாக இருப்பதுதான் சரி. "இன்னைக்கு எத்தனை டிரம்" என்று கேட்கப்படுகிறவரும் "இந்த டிரம் போகக்கூடாது" என்று சொல்லவேண்டியவரும் ஒரே வரிசையில் நின்றால் இரண்டாமவர் வாய் தானாக மூடிக்கொள்ளும். உங்கள் ஆலையில் இன்னும் அப்படி இல்லை என்றால் மெயிலை எழுதுவதற்கு முன் எம்.டி.யிடம் கேட்க இது நல்ல சாக்கு.

இனி பின்னணி. படிப்பவரின் வேலைக்குப் பயன்படுவது மட்டும் போதும். படிப்பு ஒரு வரி, அனுபவம் ஒரு வரி, எது அவருக்குப் புதிது என்பது ஒரு வரி. படிப்பைச் சொல்வது பெருமைக்காக அல்ல. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகளிலேயே, உற்பத்தியை மேற்பார்வை பார்க்க அறிவியலிலோ உணவுத் தொழில்நுட்பத்திலோ உரிய பட்டமோ பட்டயமோ பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் "இவங்கதான்" என்று காட்ட ஸ்டாஃபுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

அனுபவத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "நான்கு ஆண்டுகள் பால் பதனிடும் ஆலையில் பணியாற்றியவர்" என்று மட்டும் எழுதினால் உங்கள் ஆட்கள் "பால் கம்பெனிக்காரங்களுக்கு மாம்பழம் என்ன தெரியும்" என்றுதான் பேசுவார்கள். அந்த அனுபவம் இங்கே எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சூடேற்றிப் பதப்படுத்துவது, குழாய்களையும் தொட்டிகளையும் கழுவிச் சுத்தம் செய்யும் முறை, ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவேடு வைப்பது இவை பாலிலும் கூழிலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்குதான். ஆனால் பாலில் பார்த்தது கொழுப்பும் மற்ற திடப்பொருளும், இங்கே பார்ப்பது பிரிக்ஸும் புளிப்பும். பாலின் பி.ஹெச். 6.6, 6.7 என்று இருக்கும். மாம்பழக்கூழ் 4.6-க்குக் கீழே நிற்கிற புளிப்புப் பொருள், அதனால் சூடேற்றும் கணக்கே வேறு. அதெல்லாம் அவர் புத்தகத்தில் படித்திருப்பார். படிக்காதது, ஒரு பெங்களூராவைக் கையில் எடுத்ததும் இது நாளைக்குப் பழுக்குமா, மூன்று நாள் ஆகுமா என்று சொல்கிற கை. "மாம்பழத்தில் இது அவருக்கு முதல் சீசன்" என்று மெயிலில் நேராக எழுதினால், தெரியாததைக் கேட்க அவருக்கும் வெட்கமிருக்காது, சொல்லிக்கொடுக்க மற்றவர்களுக்கும் தயக்கமிருக்காது. ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் அந்த வரியைப் போடாதீர்கள். முழு மெயிலையுமே அனுப்பும் முன் அவரிடம் காட்டி, "இதுல ஏதாவது எடுக்கணுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

எழுதக்கூடாதவை: வயது, கல்யாணம் ஆனவரா, கணவர் எங்கே வேலை செய்கிறார், எங்கே வீடு எடுத்திருக்கிறார், முந்தைய வேலையை ஏன் விட்டார், சம்பளம், சொந்த மொபைல் எண். சொந்த ஊரை அவர் விரும்பினால் மட்டும் சேருங்கள். நம் பக்கத்தில் ஊரைக் கேட்டதும் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருமதி, செல்வி என்ற அடைமொழியும் தேவையில்லை, "கவிதா அவர்கள்" என்றாலே மரியாதை முழுசாக வந்துவிடுகிறது. "திறமைமிக்க", "அயராத உழைப்பாளி", "நமது ஆலையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்லப்போகும்" இந்த மாதிரி எதுவும் வேண்டாம். புதிதாக வருகிறவரைப் புகழும் ஒவ்வொரு சொல்லும், இருக்கிறவர்களிடம் இது இல்லை என்று சொல்வதாகத்தான் காதில் விழும். முருகேசனுக்கு முதலில் விழும்.

உதவி என்ற பகுதிதான் மெயிலில் நீளமாக இருக்க வேண்டும். "எல்லோரும் உதவுங்கள்" என்றால் யாரும் உதவப்போவதில்லை. ஆள், வேலை, நேரம் மூன்றும் ஒரு வரியில் வர வேண்டும். அதை எழுத நீங்கள் மேஜையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். ஒரு நடை நடந்து வாருங்கள்: வாசல், எடைமேடை, இறக்குமிடம், பழுக்க வைக்கும் அறை, கூழ் எடுக்கும் பகுதி, டிரம் நிரப்பும் இடம், லேப், ஸ்டோர்ஸ். ஒவ்வொரு இடத்திலும் "புது மேடம் வந்ததும் அவங்களுக்கு உங்ககிட்ட இருந்து என்ன தேவைப்படும்?" என்று கேளுங்கள். எடைமேடையில் ஒருத்தர் "வர்ற விவசாயிங்க பாதிப்பேர் தெலுங்குதான் பேசுவாங்க, மேடத்துக்குத் தெரியுமா?" என்பார். வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு, தளி பக்கம் கன்னடம் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு அப்படியல்ல. இது உங்கள் பட்டியலில் தானாக வந்திருக்காது.

எதைச் செய்யக்கூடாது என்பதும் உதவிதான். புதிதாக ஒரு அதிகாரி வந்ததும் பழைய வழக்குகள் எல்லாம் அவர் மேஜைக்கு வரும்: போன சீசனில் திருப்பி அனுப்பிய லோடு, லேப்புக்குக் கேட்டு வராத சாமான், ஷிஃப்ட் சண்டை. முதல் இரண்டு வாரம் அவற்றை அவரிடம் கொண்டுபோக வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

மாதிரி இதோ. பெயர்கள், தேதிகள், நேரங்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருள்: தரக்கட்டுப்பாட்டில் கவிதா அவர்கள், மே 11 முதல் (கையெழுத்து மே 25 முதல்)

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு அலுவலராக கவிதா அவர்கள் இன்று, மே 11 திங்கட்கிழமை, பணியில் சேர்ந்திருக்கிறார். லேப் அவருடைய பொறுப்பு. அவர் ஆலை மேலாளரின் கீழ் நேரடியாகப் பணியாற்றுவார்.

மே 24 ஞாயிறு வரை எல்லாக் கையெழுத்தும் இப்போது இருப்பது போலவே முருகேசன் அவர்களுடையது. மே 25 திங்கள் முதல் லேப் அறிக்கைக்கும் டிரம் விடுவிப்புக்கும் கவிதா அவர்களின் கையெழுத்து வேண்டும். லோடை ஏற்பதும் திருப்புவதும் அதற்குப் பிறகும் முருகேசன் அவர்களின் முடிவே. பழம் வாங்குவதில் நம் ஆலையின் கடைசி வார்த்தை அவருடையது.

கவிதா அவர்கள் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். நான்கு ஆண்டுகள் ஒரு பால் பதனிடும் ஆலையின் லேப்பில் பணியாற்றியிருக்கிறார். சூடேற்றிப் பதப்படுத்துதல், சுத்தம், பதிவேடு ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர். மாம்பழத்தில் இது அவருக்கு முதல் சீசன். பழம் பற்றி உங்களிடம் நிறையக் கேட்பார்.

இந்த இரண்டு வாரம் நாம் செய்ய வேண்டியது:

எடைமேடை: லோடு வந்ததும், இறக்கும் முன், லேப்புக்கு இன்டர்காமில் சொல்லவும். அவர் வந்து பார்ப்பார். அவர் வரும்வரை வண்டியை நிறுத்திவைக்க வேண்டாம்.

முருகேசன் அவர்கள் தினமும் காலை 8 முதல் 9 வரை இறக்குமிடத்தில் பழம் தரம் பார்ப்பதை அவருக்குக் காட்டுவார். அந்த நேரத்தில் இருவரையும் வேறு வேலைக்குக் கூப்பிட வேண்டாம்.

பழுக்க வைக்கும் அறை: எந்த லோடு, எந்த அறை, எப்போது வைத்தது என்ற மூன்றையும் கதவுப் பலகையில் எழுதவும்.

தெலுங்கு, கன்னடம் பேசும் விவசாயிகள் லேப் முடிவு கேட்டு வந்தால் எடைமேடையில் உள்ள ரமேஷ் கூட வந்து பேசுவார்.

ஸ்டோர்ஸ்: லேப் சாமான் இருப்புப் பட்டியலை புதன்கிழமைக்குள் அவரிடம் கொடுக்கவும்.

போன சீசன் கணக்கு, பழைய புகார்கள் இருந்தால் மே 25 வரை ஆபீஸில் என்னிடம் கொடுங்கள்.

அவர் இருக்கும் இடம்: லேப், காலை 8 முதல் மாலை 5 வரை. வாழ்த்துச் சொல்ல நினைப்பவர்கள் இந்த மெயிலுக்குப் பதில் போடாமல், போகிற வழியில் லேப்பில் தலைகாட்டி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
ஆபீஸ் நிர்வாகம்

கடைசி வரி விளையாட்டுக்கு இல்லை. எல்லோருக்கும் பதில் என்ற பொத்தானை அமுக்கி "வாழ்த்துகள் மேடம்" என்று வரிசையாக வந்தால், அன்று வேறு அவசர மெயில் அதற்குள் புதைந்துவிடும்.

மெயிலை எப்போது அனுப்புவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் கை சுடும். வேலைக்கு ஒத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்கள் நிறைய. பழைய கம்பெனி சம்பளம் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமையே ஊருக்கெல்லாம் மெயில் போட்டு, திங்கட்கிழமை ஆள் வராவிட்டால், லேப்பை முருகேசனிடம் திரும்பக் கொடுக்க யார் போவது? ஆகவே முன்கூட்டியே தெரிய வேண்டியவர்களுக்கு, அதாவது முருகேசன், ஆலை மேலாளர், வாசல் செக்யூரிட்டி, கணினியில் அனுமதி கொடுப்பவர் ஆகியோருக்கு, வாயால் சொல்லிவையுங்கள். பொது மெயில் அவர் வந்து சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, அன்று காலையே போகட்டும். அவர் முகவரியையும் நகலில் சேருங்கள். தன்னைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பது அவர் கையிலும் இருக்க வேண்டும்.

அனுப்புவது எம்.டி. பெயரில் போனாலும் சரிதான். ஆனால் கையெழுத்து யாருடையது என்ற அந்தப் பத்தியை எம்.டி. தன் கண்ணால் படித்துச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு யாராவது "யார் சொன்னது?" என்று கேட்டால் உங்கள் தலை உருளக்கூடாது.

மெயில் பார்க்காதவர்களுக்கு: அதே மெயிலைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்செடுத்து வருகைப் பதிவு இடத்தில் ஒட்டுங்கள். ஷிஃப்ட் மாறும்போது சூப்பர்வைசர் கையெழுத்துப் பத்தியையும் தன் பகுதிக்கான வரியையும் மட்டும் வாசித்துச் சொன்னால் போதும், தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்ல வேண்டியவர்களுக்கு அப்படியே. வாட்ஸ்அப் குழுவில் மூன்று வரிக்கு மேல் வேண்டாம்: யார் சேர்ந்தார், எங்கே இருப்பார், மே 24 வரை கையெழுத்து யாருடையது. படம் போடுவதானால் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். செக்யூரிட்டிக்கு முகம் தெரிய வேண்டும் என்பதற்காக என்றால் அவரை நேரில் வாசலுக்கு அழைத்துப் போய்ச் சொல்வதே மேல்.

ஒரு சின்ன விஷயம். ஆபீஸ் கணினியில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிற பழக்கம் இருந்தால், அப்படி அடித்ததை மெயிலில் ஒட்டாதீர்கள். எதிர்முனையில் போனில் திறப்பவருக்கு அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் அடித்து, முதலில் உங்கள் போனுக்கே அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

மெயில் வேலை செய்ததா என்று புதன்கிழமை தெரிந்துவிடும். எடைமேடையிலும் டிரம் கிடங்கிலும் போய் "லோடு சரியில்லைன்னா யாரைக் கேட்பீங்க? அடுத்த மாசம் டிரம்முக்கு யார் கையெழுத்து?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் சரியாகச் சொல்லி, இரண்டாவதற்குத் தடுமாறினால் கவலை வேண்டாம், மே 25 நெருங்கும்போது இன்னொரு முறை சொல்லிக்கொள்ளலாம். முதல் கேள்விக்கே "புது மேடத்தை" என்று பதில் வந்தால் உடனே திருத்த வேண்டும், ஏனென்றால் அன்றே ஒரு மண்டிக்காரர் முருகேசன் திருப்பிய லோடை எடுத்துக்கொண்டு லேப் வாசலில் நிற்பார். கவிதா தெரியாமல் "பரவாயில்லை, இறக்குங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், இரண்டு பேருக்கும் இடையில் விழும் விரிசலை எந்த மெயிலும் ஒட்டாது. இதைக் கவிதாவிடமும் முதல் நாளே சொல்லிவையுங்கள்: யாராவது லோடு பற்றி நேராக வந்து கேட்டால் "முருகேசன் சாரைப் பாருங்க" என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம்.

மே 25 காலையில் இரண்டு வரியில் இன்னொரு மெயில் போக வேண்டும்: "இன்று முதல் லேப் அறிக்கைக்கும் டிரம் விடுவிப்புக்கும் கவிதா அவர்களின் கையெழுத்து. லோடு வழக்கம்போல என்னிடம்." அதை நீங்கள் அனுப்ப வேண்டாம், எம்.டி.யும் வேண்டாம். முருகேசன் பெயரிலிருந்து போகட்டும். மெயில் அடிக்க அவருக்குப் பழக்கமில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக் கொடுங்கள்.